கழுவுதொட்டியருகே மீறப்படும் விதி: பள்ளி வேதியியல் ஆய்வகப் பாதுகாப்புக் கையேட்டைப் புரிந்துகொள்ள

மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆய்வகத்துக்குள் நுழைந்தால் சுவரில் ஒரு விதிப் பட்டியல் தொங்கும். அதில் “அமிலத்தை நீரில் சேர்க்க வேண்டும், நீரை அமிலத்தில் சேர்க்கக் கூடாது” என்ற வரி தவறாமல் இருக்கும். வாய்மொழித் தேர்வில் கேட்டால் எந்த மாணவரும் தடுமாறாமல் சொல்லிவிடுவார். ஆனால், பல ஆண்டுகள் செய்முறை வகுப்பு எடுத்த அனுபவத்தில் நான் கண்டது என்னவென்றால், அந்த விதியைச் சரியாக ஒப்பித்த மாணவரே பத்து நிமிடம் கழித்துக் கழுவுதொட்டியருகே நின்று அதை மீறுகிறார். மீறுகிறோம் என்பதும் அவருக்குத் தெரிவதில்லை.

பாதுகாப்புக் கையேடு என்பது வழக்கமாக விதிகள், அவசரகாலச் செயல்முறை, மாணவர் உறுதிமொழி என்ற மூன்று பகுதிகளைக் கொண்டது. ஆய்வகத்தில் உள்ள எல்லா வேதிப்பொருள்களையும் பற்றிப் பேசினால் எதுவும் மனத்தில் நிற்காது. ஆகவே உப்புப் பகுப்பாய்வு மேசையில் நாள்தோறும் புழங்கும் அடர் கந்தக அமிலப் புட்டி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த மூன்று பகுதிகளும் எப்படி எழுதப்பட வேண்டும், ஏன் அப்படி எழுதப்பட வேண்டும் என்று பார்ப்போம்.

அந்தப் புட்டியில் இருப்பது ஏறத்தாழ 98 விழுக்காடு தூய கந்தக அமிலம். நிறமற்றது, எண்ணெய்போல் மெதுவாக வழியும். அதன் அடர்த்தி மி.லி.க்கு 1.84 கிராம் என்பதால், 500 மி.லி. புட்டியில் உள்ள அமிலம் மட்டுமே 920 கிராம் எடை இருக்கும். அதே அளவு நீர் 500 கிராம்தான். நீருடன் சேரும்போது இந்த அமிலம் மிகுந்த வெப்பத்தை வெளியிடுகிறது. நீரைவிடக் கனமாக இருப்பது, நீருடன் சேர்ந்தால் மிகுந்த வெப்பம் தருவது என்ற இந்த இரண்டு பண்புகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் சுவரில் உள்ள விதி விளங்கும்.

அமிலத்தின் மேல் நீரை ஊற்றினால், எடை குறைந்த நீர் மேலேயே தங்கிவிடும். இரண்டும் தொடும் அந்த மெல்லிய பரப்பில் வெளிப்படும் வெப்பம் முழுவதும் அங்குள்ள சிறிதளவு நீருக்கே போய்ச் சேர்வதால், அந்த நீர் நொடிப்பொழுதில் கொதித்து ஆவியாகி, தன்னோடு அமிலத் துளிகளையும் மேலே தூக்கி அடிக்கிறது. மாறாக, நிறைய நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கினால், கனமான அமிலம் கீழிறங்கிப் பரவும். வெப்பத்தை நீர் முழுவதும் பகிர்ந்துகொள்ளும். அப்போதும் சூடு இல்லாமல் போகாது. 100 மி.லி. நீரில் 20 மி.லி. அமிலத்தைச் சேர்த்தாலே பீக்கரைக் கையால் பிடிக்க முடியாத சூடு ஏறிவிடும். நீர்த்த அமிலம் தயாரிக்கும் வேலையை மாணவர்களிடம் விடாமல் ஆசிரியரோ ஆய்வக உதவியாளரோ முன்னதாகவே செய்து வைப்பது இதனால்தான்.

அப்படியானால் மாணவர் இந்த விதியை எங்கே மீறுகிறார்? நைட்ரேட்டைக் கண்டறியச் செய்யும் பழுப்பு வளையச் சோதனையை நினைத்துப் பாருங்கள். சோதனைக் குழாயில் உப்புக் கரைசலை எடுத்து, புதிதாகத் தயாரித்த ஃபெர்ரஸ் சல்பேட் கரைசலைச் சேர்த்து, குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் கந்தக அமிலத்தைப் பக்கச் சுவர் வழியாக மெல்ல இறக்குகிறோம். அமிலம் கனமானது என்பதால் கலக்காமல் அடியில் போய்த் தனி அடுக்காக நிற்கிறது. இரண்டு அடுக்குகளும் சந்திக்கும் இடத்தில் பழுப்பு வளையம் தெரிகிறது. மாணவர் மகிழ்ச்சியுடன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார். பிறகு குழாயைக் கழுவப் போகிறார்.

அந்தக் குழாயின் அடியில் ஒன்றிரண்டு மி.லி. அடர் அமிலம் இன்னும் கலக்காமல் அப்படியே இருக்கிறது. குழாயை நேரே தண்ணீர்க் குழாயின் கீழே நீட்டினால் அமிலத்தின் மேல் நீர் விழுகிறது என்று பொருள். இதே மாணவரை ஒரு பீக்கரில் அமிலத்தை வைத்து நீர் ஊற்றச் சொன்னால் மறுத்துவிடுவார். ஆனால் சோதனை முடிந்துவிட்டது, இனி இது வெறும் அழுக்குக் குழாய் என்ற எண்ணத்தில், அதே செயலை முகத்துக்கு ஒரு முழம் தொலைவில் செய்கிறார். உப்பை அமிலத்துடன் சூடாக்கிய குழாயாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்; அதிலிருப்பது சூடான அமிலம், கண்ணாடியும் விரிசல் விடும்.

ஆகவே கையேட்டில் இந்த விதி வெறும் வாசகமாக இல்லாமல், செய்யும் முறையாக எழுதப்பட வேண்டும்: “அடர் அமிலம் சேர்த்த எந்தக் குழாயையும் தண்ணீர்க் குழாயின் கீழே பிடிக்கக் கூடாது. தாங்கியில் வைத்து முழுதும் ஆறவிட்டு, பாதிக்கு மேல் நீர் நிறைந்த பெரிய பீக்கரில் அதன் உள்ளடக்கத்தைச் சிறிது சிறிதாக ஊற்றிய பின்னரே கழுவ வேண்டும்.” ஒவ்வொரு மேசையிலும் அந்தப் பீக்கர் இருந்தால்தான் இந்த விதி நடைமுறைக்கு வரும். பீக்கரை வைக்காமல் விதியை மட்டும் ஒட்டிவைத்தால் அது சுவருக்குத்தான் பயன்படும்.

அடுத்து, பாதுகாப்புக் கண்ணாடி. “சூடாக்கும்போது கண்ணாடி அணிய வேண்டும்” என்று எழுதும் கையேடுகள் உண்டு, அது போதாது. அமிலம் சோதனை செய்பவர் மீது மட்டும் தெறிப்பதில்லை. எதிரே நிற்பவர் மீதோ, பக்கத்தில் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பவர் மீதோகூடத் தெறிக்கலாம். ஆகவே வகுப்பின் கடைசி மாணவர் கடைசிக் குழாயைக் கழுவி வைக்கும் வரை ஒருவரும் கண்ணாடியைக் கழற்றக் கூடாது என்பதே சரியான விதி. பார்வைக்காக அணியும் மூக்குக் கண்ணாடி பக்கங்களில் திறந்திருப்பதால் அது இதற்கு ஈடாகாது. அதன் மேலேயே பாதுகாப்புக் கண்ணாடியையும் அணிய வேண்டும். குழாயைச் சூடாக்கும்போது அதன் வாய் யாரும் இல்லாத பக்கம் நோக்கியிருக்க வேண்டும், உப்பு ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம், அமிலத்தைக் கொதிக்கவிடாமல் இளஞ்சூடு மட்டும் காட்ட வேண்டும் என்ற விதிகளும் தெறித்தல் என்ற இதே ஆபத்தைத் தடுக்க எழுந்தவைதாம்.

புட்டியின் மேலுள்ள பெயரைப் படிப்பது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் நீர்த்த கந்தக அமிலமும் அடர் கந்தக அமிலமும் பார்வைக்கு ஒன்றுபோலவே நிறமற்று இருக்கும். பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் கூம்புக் குடுவையில் சேர்க்க வேண்டியது நீர்த்த அமிலம். அவசரத்தில் அடர் அமிலப் புட்டியை எடுத்து ஊற்றினால் குடுவைக் கரைசல் சட்டென்று சூடேறித் தெறிக்கும். திண்மப் பெர்மாங்கனேட்டின் மேல் அடர் அமிலம் பட்டால் வெடிக்கக்கூடிய சேர்மமே உருவாகும். எனவே இரண்டு புட்டிகளும் ஒரே தட்டில் அருகருகே இருக்கக் கூடாது. எடுக்கும்போது ஒரு முறையும் ஊற்றும் முன் ஒரு முறையும் பெயரைப் படிக்க வேண்டும். வழியும் அமிலம் எழுத்தை அரித்துவிடாதபடி, பெயர்ச்சீட்டு உள்ளங்கைப் பக்கம் இருக்குமாறு புட்டியைப் பிடிக்க வேண்டும். எழுத்து அழிந்த புட்டியை யாரும் ஊகித்துப் பயன்படுத்தாமல், ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

வாயால் பிப்பெட்டை உறிஞ்சக் கூடாது, ஆய்வகத்தில் எதையும் உண்ணவோ குடிக்கவோ கூடாது, வாயுவை முகர வேண்டுமானால் கையால் விசிறி மெல்ல முகர வேண்டும், தனியாக வேலை செய்யக் கூடாது என்பவற்றுக்கு விளக்கம் அதிகம் தேவையில்லை. உடையைப் பற்றி மட்டும் ஒரு சொல். துப்பட்டாவும் பின்னலும் மேசை மேல் சரியும் உயரத்தில்தான் சாராய விளக்கின் தீக்கொழுந்தும் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் அந்தக் கொழுந்து கண்ணுக்குச் சரியாகத் தெரிவதும் இல்லை. துப்பட்டாவை மேலங்கிக்குள் செருகி, பின்னலை மடித்துக் கட்டிக்கொண்ட பிறகே விளக்கை ஏற்ற அனுமதிப்பது நல்லது. எரியும் விளக்கிலோ, அணைத்த சூடு ஆறாத விளக்கிலோ சாராயம் ஊற்றக் கூடாது.

இனி அவசரகாலச் செயல்முறை. கையேட்டின் இந்தப் பகுதி படிப்பதற்கு அழகாக இருக்க வேண்டியதில்லை. பதற்றத்தில் உள்ளவருக்கு முதல் பத்து நொடியில் என்ன செய்வது என்று தெரிந்தால் போதும். நாம் மேலே பார்த்த கழுவுதொட்டி நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம். மாணவி ஒருவர் குறிப்பேட்டில் எழுதி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, குழாயைத் தண்ணீரில் நீட்டுகிறார். ‘சடசட’வென்ற ஒலியுடன் அமிலம் தெறித்து வலது கண்ணிலும் கன்னத்திலும் படுகிறது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையால் பொத்திக்கொண்டு குனிகிறார். இது இயல்பான செயல். ஆனால் அமிலத்தைக் கண்ணுக்குள்ளேயே பூட்டிவைக்கும் செயலும் இதுதான்.

அவரால் தானாக எதுவும் செய்ய இயலாது. எனவே முதல் கடமை பக்கத்தில் இருப்பவருடையது. உரக்கக் குரல் கொடுத்து ஆசிரியரை அழைத்தபடியே, அந்த மாணவியைக் கைப்பிடித்து நீர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஆசிரியர் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பாதிக்கப்பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்த்து, விரல்களால் இமைகளை விரித்துப் பிடித்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக மென்மையான ஓட்டத்தில் நீரை விட வேண்டும். தலையை மாற்றிச் சாய்த்தால் ஓடும் நீர் அமிலத்தை நல்ல கண்ணுக்குக் கொண்டுபோய்விடும். கண்ணைச் சுழற்றச் சொல்ல வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் அணிந்திருந்தால் அதைத் தேடி நேரத்தைக் கழிக்காமல், நீர் ஓடும்போதே கழற்ற முயல வேண்டும்.

கடிகாரத்தைப் பார்த்துக் குறைந்தது 15 நிமிடம் இப்படிக் கழுவ வேண்டும். அனுபவத்தில் இரண்டு நிமிடத்திலேயே “போதும் சார், சரியாயிடுச்சு” என்பார்கள். எரிச்சல் குறைவது அமிலம் போய்விட்டது என்பதற்கு அடையாளமாகாது. இதற்கு எவ்வளவு நீர் வேண்டும் என்று கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் என்ற மெல்லிய ஓட்டத்துக்கே 15 நிமிடத்தில் 22.5 லிட்டர் வேண்டும். அலமாரியில் இருக்கும் அரை லிட்டர் கண் கழுவும் புட்டி இருபது நொடிக்குத்தான் வரும். நடந்து செல்லும் வழியில் கழுவ அது உதவும், அவ்வளவே. நம் பள்ளிகள் பலவற்றில் மேல்நிலைத் தொட்டி காலியாகி, தண்ணீர்க் குழாயில் காற்று மட்டும் வரும் நாள்களும் உண்டு. ஆகவே வகுப்பு தொடங்கும் முன் குழாயைத் திறந்து பார்ப்பதும், மூடியிட்ட ஒரு பெரிய கேனில் அன்றன்று பிடித்த சுத்தமான நீரை வைத்திருப்பதும் செய்முறை வகுப்பின் ஒரு பகுதியாகவே எழுதப்பட வேண்டும். தண்ணீர்க் குழாயின் முனையில் ஓரடி நீள ரப்பர் குழாயைப் பொருத்திவிட்டால், படுக்கவைத்தும் கண்ணைக் கழுவலாம்.

கழுவிக்கொண்டிருக்கும்போதே வேறொருவர் 108-க்கு அழைக்க வேண்டும். எந்த வேதிப்பொருள், எந்தச் செறிவு, எப்போது பட்டது என்பதை ஒரு தாளில் எழுதி மருத்துவமனைக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். அமிலத்தைச் சரிக்கட்டுவதாக எண்ணிச் சமையல் சோடாக் கரைசலையோ வேறு எந்தக் காரத்தையோ கண்ணில் விடவே கூடாது. நடுநிலையாக்கும் வினையும் வெப்பத்தை உண்டாக்கும், காரம் கண்ணுக்கு அமிலத்தைவிடக் கொடியது. சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரங்கள் கண்ணின் திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே போவதால், அவை பட்டால் 15 நிமிடம் என்பதை நிறுத்தும் எல்லையாகக் கொள்ளாமல், மருத்துவரிடம் சேரும் வரை கழுவிக்கொண்டே இருப்பது நல்லது.

இந்த இடத்தில் புத்திசாலி மாணவர் ஒருவர் ஆண்டுதோறும் ஒரு கேள்வி கேட்பார்: “அமிலத்தில் நீர் ஊற்றக் கூடாது என்கிறீர்கள், தோலில் அமிலம் பட்டால் மட்டும் நீர் ஊற்றச் சொல்கிறீர்களே?” நல்ல கேள்விதான். வேறுபாடு நீரின் அளவில் இருக்கிறது. குழாயில் சிக்கிய அமிலத்தின் மேல் விழும் சிறிதளவு நீர், வெப்பத்தை வாங்கிக்கொண்டு அங்கேயே கொதிக்கிறது. தோலின் மேல் பாய்ந்தோடும் ஏராளமான நீரோ வெப்பத்தையும் அமிலத்தையும் சேர்த்தே அடித்துக்கொண்டு போய்விடுகிறது. ஈரத்துணியால் துடைப்பதும், கைக்குட்டையை நனைத்து வைப்பதும் முதல் வகையைச் சேர்ந்தவை. தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்து கையை நீட்டுவது இரண்டாம் வகை. அமிலம் நனைத்த சட்டையைக் கூச்சம் பாராமல் கழற்றிவிட வேண்டும், ஏனெனில் துணி அமிலத்தைத் தோலோடு ஒட்டவைத்துக்கொள்ளும். இதற்காகவே பழைய மேலங்கி ஒன்றோ போர்வையோ ஆய்வகத்தில் இருக்க வேண்டும். பற்பசை, மஞ்சள், மை போன்றவற்றைப் புண்ணின் மேல் பூசக் கூடாது. தீச்சுட்ட காயமானாலும் குளிர்ந்த ஓடும் நீரில் 20 நிமிடம் காட்டுவதே முதலுதவி.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தரையில் கொட்டிய அடர் அமிலத்தின் மேல் முதலில் உலர்ந்த மணலைக் கொட்டி, பின் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சமையல் சோடாவைத் தூவி, நுரை நின்ற பிறகு அள்ள வேண்டும்; துணியால் துடைத்தால் துணி கருகும், கையும் வேகும். உடையில் தீப்பிடித்தவர் ஓடினால் தீ வளரும் என்பதால் அவரைப் படுக்கவைத்து, தடித்த பருத்தி அல்லது கம்பளிப் போர்வையால் மூடி உருட்ட வேண்டும். நைட்ரேட்டுடன் தாமிரச் சீவல் சேர்த்துச் சூடாக்கும்போது வரும் பழுப்பு வாயுவை யாராவது நிறைய முகர்ந்துவிட்டால், அப்போது இருமல் மட்டுமே இருந்தாலும் பெற்றோருக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அந்த வாயு நுரையீரலைச் சில மணி நேரம் கழித்தே தாக்குவதுண்டு. பிற்பகலில் நன்றாக வீட்டுக்குப் போன மாணவர் இரவில் மூச்சுத் திணறலாம்.

கடைசியாக, உறுதிமொழி. “எந்த விபத்துக்கும் பள்ளி பொறுப்பாகாது” என்று எழுதிக் கையெழுத்து வாங்குவதை உறுதிமொழி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் ஒரு மாணவரின் கண்ணும் காப்பாற்றப்படாது. உறுதிமொழி என்பது மாணவர் தம்மால் செய்யக்கூடியவற்றை மட்டும் ஒப்புக்கொள்வதாகவும், அதற்கு எதிர்ப்பக்கம் ஆசிரியரும் ஒன்றை ஒப்புக்கொள்வதாகவும் இருக்க வேண்டும். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் கண்ணாடிச் சாமான் உடைந்தால் அபராதம் உண்டு. ஒரு நாள் ஒரு மாணவர் உடைந்த பிப்பெட்டைச் சட்டைப்பைக்குள் மறைத்து, உள்ளங்கையில் வெட்டுக் காயத்துடன் வகுப்பு முடியும் வரை கையை மூடிக்கொண்டே நின்றிருந்தார்; மேசையில் சொட்டிய இரத்தத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து என் வகுப்பு உறுதிமொழியில் அபராதம் பற்றிய வரி இல்லை. சொல்லிவிடுவது பற்றிய வரி இருக்கிறது. அதன் வாசகம் இது:

“பாதுகாப்புக் கையேட்டை நான் படித்தேன், அவசரகாலச் செயல்முறையை ஆசிரியர் செய்துகாட்டியதைப் பார்த்து, நானும் ஒரு முறை செய்தேன். கண் கழுவும் இடம், தீயணைப்பான், எரிவாயு அடைப்பான், வெளியேறும் வழி ஆகியவை எங்குள்ளன என்பதை அறிவேன். வகுப்பில் கடைசிக் குழாய் கழுவப்படும் வரை பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டேன். ஆசிரியர் சொல்லாத எந்தச் சோதனையையும் செய்ய மாட்டேன். எந்த வேதிப்பொருளையும் வெளியே எடுத்துச் செல்ல மாட்டேன். அடர் அமிலம் உள்ள குழாயைத் தண்ணீர்க் குழாயின் கீழே பிடிக்க மாட்டேன். எனக்கு ஆஸ்துமா, ஒவ்வாமை, நிறக்குருடு ஆகியவை இருந்தாலோ, காண்டாக்ட் லென்ஸ் அணிந்தாலோ ஆசிரியரிடம் முன்னதாகவே தெரிவிப்பேன். எது உடைந்தாலும், கொட்டினாலும், என் மேல் பட்டாலும், அது எவ்வளவு சிறிதாக இருந்தாலும், உடனே சொல்வேன். அப்படிச் சொன்னதற்காக அபராதமோ மதிப்பெண் குறைப்போ இருக்காது என்று ஆசிரியர் உறுதியளிக்கிறார்.”

இதன் கீழே மாணவர், பெற்றோர், ஆசிரியர் மூவரும் கையெழுத்திட வேண்டும். முதல் நாளிலேயே தாளை நீட்டி வாங்கிவிடக் கூடாது. முதல் செய்முறை வகுப்பில் அமிலமே இல்லாமல், வெறும் நீர் நிரப்பிய சோதனைக் குழாய்களை வைத்து ஆறவிடுதல், பீக்கரில் ஊற்றுதல், கழுவுதல் ஆகியவற்றைச் செய்யவைக்கிறேன். பிறகு இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள மற்றவர் அவரைக் கண் கழுவும் இடத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். சென்ற முறை முதல் இணை போய்ச் சேர்வதற்கு நாற்பது நொடி ஆயிற்று, ஏனென்றால் வழியில் புத்தகப் பைகள் கிடந்தன. பைகளை வராந்தாவில் வைக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் ஓடவிட்டபோது பன்னிரண்டு நொடியில் போய்விட்டார்கள். “புத்தகப் பைகளுக்கு ஆய்வகத்துக்குள் இடமில்லை” என்ற வரியைக் கையேட்டில் அன்று மாலைதான் சேர்த்தேன்.